பெரியம்மா கொண்டுவந்த நெய்

2022 பொங்கல் கழிந்த மறுவாரம், பெரியம்மா கும்பகோணத்திலிருந்து ஜன சதாப்தியில் கோயம்புத்தூர் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் வலி, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை. தனியாக அவ்வளவு தூரம் வந்ததே இல்லை. ரயில் நிலையத்தில் பையை வாங்கப் போனபோது மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு ஒரு மஞ்சள் பையை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, விளக்கேற்றச் சொல்லி, அதன் பிறகுதான் பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன டப்பாவில் நெய். திருக்கருகாவூர் நெய்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள திருக்கருகாவூரில் அம்பாளின் பெயர் கர்ப்பரட்சாம்பிகை. குழந்தை வேண்டுகிற பெண் அம்பாள் சன்னதியின் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போடுவாள். அம்பாள் பாதத்தில் வைத்து எடுத்த நெய்யைக் கணவனும் மனைவியும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், இரவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். கருத்தரித்தவர்களுக்குச் சுகப்பிரசவத்துக்கென்று விளக்கெண்ணெய் தருவார்கள். என் தங்கை அந்த எண்ணெய்யை வயிற்றில் தடவிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நெய் வந்தது.

"படியை மெழுக நீதான் வர வேண்டும். பரவாயில்லை, நீ வேலைக்குப் போகிறவள். உன் பெயர், நட்சத்திரம், மாப்பிள்ளை பெயர் எல்லாம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டேன். ஒரு நாள் கூட விடாமல் சாப்பிடுங்கள்" என்றார் பெரியம்மா. பிறகு ஏதோ சாதாரணச் செய்தி போல இன்னொன்றையும் சொன்னார். எனக்கு நல்ல செய்தி வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் ஒருபொழுது இருப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம்.

நான் டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் கணவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதல்ல விஷயம். நாங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்து அப்போதே ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியம்மாவுக்கு அது தெரியாது.

எங்களுக்குத் திருமணம் நடந்தது 2011-இல். எனக்கு 27, அவருக்கு 30. மூன்று ஆண்டுகள் போகட்டும் என்று தள்ளிப்போட்டோம். அதில் யாருக்கும் வருத்தமில்லை. நான் வங்கியில் சேர்ந்த புதிது, அவர் ஆலை இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஐந்தாயிற்று. 2016 ஆடி மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. பன்னிரண்டு நாள். சோதித்துப் பார்க்கும் பட்டையை வாங்கிவந்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, இருவருமே அதைத் தொடவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. பதின்மூன்றாம் நாள் காலை குளியலறையிலிருந்து வெளியே வந்து, "வந்துவிட்டது" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். என் உடம்பிலும் அதே மூச்சுதான் இருந்தது.

அதன் பிறகு ஓராண்டு பேசினோம். பணம் ஒரு தடையில்லை, உடம்பு ஒரு தடையில்லை. எங்கள் இருவருக்கும் பிள்ளை வேண்டும் என்ற ஆசை வரவில்லை, வரும் என்று காத்திருந்தும் வரவில்லை. இதைக் காரணம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். நோயைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். கடன் என்றால் பாதி ஒப்புக்கொள்வார்கள். ஆசை வரவில்லை என்றால், வராத இடத்தில் ஏதோ கோளாறு இருப்பதாகத் தேடத் தொடங்குவார்கள்.

அம்மாவிடம் மட்டும் 2017-இல் சொன்னேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, "யாரிடமும் இதைச் சொல்லாதே. மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். உடம்பில் குறை என்றால் பாவம் என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் உன்னையும் வாழவிட மாட்டார்கள், என்னையும் வளர்ப்பு சரியில்லை என்பார்கள்" என்றார். அப்போது அது எனக்கு ஒரு கொடையாகத் தெரிந்தது. சரி என்றேன். நான் செய்த தவறு அந்த ஒரு சொல்தான் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், துக்க வீட்டுத் திண்ணையில், கொரோனாவில் ஊரடங்கியிருந்த நாட்களில் காணொளி அழைப்பில் கூட. "உண்டு, எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது" என்று ஒருமுறை சொன்னேன். என் மாமா, "அதெல்லாம் இருக்கட்டும்" என்றார். விசேஷம் என்ற சொல்லுக்கு என் விஷயத்தில் ஒரே பொருள்தான். அம்மா பரப்பிவிட்ட செய்திக்குப் பிறகு கேள்வி குறையும் என்று எதிர்பார்த்தோம். குறையவில்லை, வடிவம் மாறியது. எந்த மருத்துவர், எத்தனை ஊசி, குறை யாரிடம், கேரளத்தில் ஒரு வைத்தியசாலை இருக்கிறதாமே என்று கிளைவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு சின்னப் பொய் தயாரிக்க வேண்டியிருந்தது. என் மாமியார் வீட்டில் எனக்குக் கருப்பையில் கட்டி என்று நம்பினார்கள். என் கணவர் அதை மறுக்கவில்லை. அதில் எனக்கு அவர்மேல் இன்றும் மனத்தாங்கல் உண்டு, அவருக்கும் தெரியும்.

2018-இல் சித்தி மகள் வளைகாப்பில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. கண்ணாடி வளையல்கள் போட்டு, சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து முடிந்ததும் அவளை எழுப்பினார்கள். உடனே ஓர் அத்தை என் கையைப் பிடித்து அதே மணையில் உட்காரவைத்தார். அவள் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்கள். குழந்தை இல்லாதவளுக்கு அப்படிச் செய்தால் அடுத்து அவளுக்குத் தங்கும் என்பது வழக்கம். அந்த மாலை இன்னும் ஈரமாக இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் எல்லோர் கண்களிலும் உண்மையான ஆசை இருந்தது, எனக்காக. கேலி இருந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அன்பு இருந்ததால் உட்கார்ந்திருந்தேன். என்னைவிட நான்கு வயது மூத்த ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி ஓரமாக நின்றாள். அவளுக்குப் பதினோரு ஆண்டுகள் சிகிச்சை நடந்து, இருமுறை கரு கலைந்திருந்தது. முதலில் அவளைத்தான் உட்காரவைத்திருக்க வேண்டும், இனி அவளுக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள் போலும். அவளுக்குரிய மணையில், அவளுக்குரிய மாலையைப் போட்டுக்கொண்டு, வேண்டாம் என்று முடிவெடுத்த நான் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் அதுதான் மனத்தில் ஓடியது. பிள்ளை பெறவில்லை என்ற உறுத்தல் இல்லை அது. வேறொருத்தியின் துயரத்தை நான் உடுத்திக்கொண்டு நின்றேன் என்ற உறுத்தல்.

அடுத்த ஆண்டு என் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். தானே குடும்ப நல அறுவை சிகிச்சை செய்துகொள்வதாகச் சொன்னார். ஆண்களுக்கான தழும்பில்லாத அறுவை சிகிச்சை எளிது. ஊசியால் மரக்கச் செய்து சிறு துளை வழியே செய்வார்கள், அரைமணி நேரம் கூட ஆகாது, அன்றே வீட்டுக்கு வரலாம். மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்து, உயிரணு இல்லை என்று உறுதியான பிறகுதான் வேறு பாதுகாப்பை விட வேண்டும். இதெல்லாம் படித்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே படிவத்தை எடுத்த ஊழியர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை குழந்தைகள்? கடைசிக் குழந்தைக்கு என்ன வயது?" என்பது. இல்லை என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

அவர்மேல் தவறில்லை. மத்திய அரசு வகுத்துள்ள தகுதி விதிப்படி, மருத்துவக் காரணம் இல்லாதபோது, தம்பதிக்கு ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். சிவப்பு முக்கோணத்தையும் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்ற வரியையும் சுவரெங்கும் பார்த்து வளர்ந்தவள் நான். இரண்டு ஒன்றானதை நம் ஊர் எளிதாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவர்களை ஓரிரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வருவதற்குத்தான் படிவத்தில் இடமில்லை. தனியார் மருத்துவர் ஒருவரும் "இன்னும் ஐந்து வருடம் யோசியுங்கள், மனம் மாறும்" என்று அனுப்பிவிட்டார். கடைசியில் நான்தான் காப்பர் டி பொருத்திக்கொண்டேன். பிள்ளை பெறாதவர்களுக்குக் கருப்பை வாய் இறுக்கமாக இருப்பதால் பொருத்தும்போது வலி அதிகம் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு வேலை செய்யும். அட்டையில் அகற்ற வேண்டிய ஆண்டு 2029 என்று எழுதிக்கொடுத்தார்கள்.

"மனம் மாறும்" என்ற அந்த ஒரு வரி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

பெரியம்மா நெய் கொண்டுவந்த பிறகு அது பெரிதாகத் தொடங்கியது. எனக்கு 38 நடந்துகொண்டிருந்தது. இரவில் விழிப்பு வந்தால் டப்பா இருந்த மேல் தட்டை நினைத்துக்கொள்வேன். ஒருவேளை தவறு செய்துவிட்டோமா? நாற்பது தாண்டியதும் ஆசை வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளைக் கணவரிடம் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். சினைப்பையில் முட்டைகள் ஏறத்தாழ எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்று காட்டும் சோதனை அது.

முடிவு 1.2 என்று வந்தது. மருத்துவர் நிதானமான பெண்மணி. "உங்கள் வயதுக்கு இது எதிர்பார்க்கிற அளவுதான். ஆனால் இந்த எண்ணைத் தவறாகப் படிக்காதீர்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கு ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கக்கூடும் என்று கணிக்க இது உதவும். இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா, மாட்டீர்களா என்பதை இது சொல்லாது. முட்டையின் தரத்தைத் தீர்மானிப்பது வயது. உங்களுக்குக் குழந்தை வேண்டுமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தக் காகிதத்தைப் பார்த்த கணத்தில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எண் குறைவாக இருந்ததால் வந்த ஏமாற்றமில்லை. அது பூஜ்யமாக இல்லையே என்ற ஏமாற்றம். பூஜ்யம் என்று வந்திருந்தால் பெரியம்மாவிடம் "முடியவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து ஆண்டுப் பொய் அந்த ஒரு காகிதத்தால் மெய்யாகியிருக்கும். குழந்தை வேண்டும் என்று ஏங்கிய பெண் அப்படி ஏமாற மாட்டாள். நான் அங்கே போனது பிள்ளைக்காக இல்லை, மன்னிப்புக்காக.

அதற்குப் பிறகுதான் ஒரு குறிப்பேடு வாங்கினேன். "தவறு செய்துவிட்டோமோ" என்ற எண்ணம் வரும் ஒவ்வொரு முறையும் தேதியையும், அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் மட்டும் எழுதுவது. காரணம் தேடக் கூடாது, தீர்ப்பு எழுதக் கூடாது. பத்து மாதம் எழுதினேன். 31 குறிப்புகள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். 24 குறிப்புகளில் முதல் வரி ஒரே மாதிரி இருந்தது: அம்மா பேசினார். மாமா பெண்ணுக்குக் காதுகுத்து. மாமியார் பக்கத்து வீட்டுப் பேரனைப் பற்றிச் சொன்னார். பெரியம்மாவுக்கு இன்று ஒருபொழுது. எண்ணத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு மனிதர் நின்றார். அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகே எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. மறுநாளோ அதற்கு மறுநாளோ அது தானாகவே கரைந்தும் இருக்கிறது.

மிச்சம் ஏழு. அவற்றில் யாரும் இல்லை. ஒன்று: மழை நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது பாட்டி பாடும் தாலாட்டின் இரண்டு வரி வாயில் வந்தது. மூன்றாவது வரி நினைவில்லை. எங்கள் குடும்பத்தில் அதை அறிந்தவர்கள் இனி அம்மாவும் பெரியம்மாவும்தான். இன்னொன்று: என் கணவருக்கு டெங்கு வந்து ரத்தத் தட்டணுக்கள் இறங்கிய இரவு, மருத்துவமனை நடைபாதையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது. வேறொன்று: வங்கியில் ஒரு சிறுமி தன் பெயரில் முதல் சேமிப்புக் கணக்கு தொடங்க அப்பாவோடு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

அந்த ஏழும் கரையவில்லை. இப்போது படித்தாலும் அதே இடத்தில் வலிக்கிறது. 24 குறிப்புகளும் மற்றவர்களுக்கு நான் பட்ட கடன். ஏழு மட்டும் என்னுடையவை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமந்ததால்தான் எது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. உறவினர்கள் கேட்காமல் இருந்திருந்தால் இந்த ஏழு குறிப்புகளையும் நான் முன்பே கேட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. அவர்கள் கேட்கும்போதெல்லாம் என் முடிவுக்காக வாதாடும் வக்கீலாகவே மாறிவிடுகிறேன். வக்கீலுக்குத் தன் கட்சிக்காரர்மேல் சந்தேகம் வரக்கூடாது அல்லவா? அதனால் உண்மையான சந்தேகத்துக்கு வீட்டில் இடமே இல்லாமல் போனது.

குறிப்பேட்டைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் திருப்பித் தந்தார். அவருக்கும் மூன்று இருந்தன, எழுதவில்லை, சொன்னார். அவை அவருடையவை, இங்கே எழுத மாட்டேன்.

2024 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மா கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார். காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டை விட்டிருக்கிறார். சாப்பிடாமல் அந்த மாத்திரை வேலை செய்தால் சர்க்கரை அளவு மிகக் கீழே இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டு, பிறகு மயக்கம். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சர்க்கரைக் கரைசலை வாயில் ஊற்றியதால் பிழைத்தார். நெற்றியில் நான்கு தையல். அம்மா தொலைபேசியில் சொல்லிவிட்டு, "இன்னும் ஒருபொழுதை விட மாட்டேன் என்கிறாள். வேண்டுதல் பாதியில் நிற்கக் கூடாதாம்" என்றார்.

மறுநாள் நான் கும்பகோணம் போனேன். அவர் உள்ளறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தையல் போட்ட இடத்தைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "விசேஷம் உண்டா?" என்றார். நான் தரையில் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்துவைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "பெரியம்மா, எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. நாங்களே வேண்டாம் என்றுதான் இருக்கிறோம். 2017-லிருந்தே. மருத்துவம் எதுவும் பார்க்கவில்லை. நெய்யையும் சாப்பிடவில்லை" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. ஏன் வேண்டாம், வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள், மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்பார் என எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"இரண்டரை வருடம் அம்பாள் முன்னால் நின்று, என் பெண்ணுக்குக் கொடு, கொடு என்று கேட்டேனே. வேண்டாம் என்றவளுக்குக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாயே அடி."

நான் அழுதேன். அவர் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிள்ளை பெறாதது அவரை அவ்வளவு நோகவைக்கவில்லை என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அம்மா பயந்ததும் நான் பயந்ததும் வேறு எதற்கோ. சாயங்காலம் கிளம்பும்போது திரும்பிப் பார்க்காமலே, "அந்த நெய் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "குப்பையில் கொட்டாதே. விளக்கில் ஊற்று" என்றார்.

அன்றோடு வெள்ளிக்கிழமை ஒருபொழுது நின்றது. அதன் பிறகு ஐந்து மாதம் அவர் என்னோடு பேசவில்லை. நெய் கெட்டுப் போய்க் காறல் வாடை வந்திருந்தது. நல்லெண்ணெய்யோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பதினாறு நாள் எரித்தேன்.

யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு நான் வைத்திருந்த பதிலை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும். பிள்ளை இருந்தால் பார்ப்பார்கள் என்பதை நான் மறுத்துப் பேசுவதில்லை. பலர் பார்க்கிறார்கள், என் அம்மாவை நான் பார்க்கிறேன். எனக்கு அது இருக்காது, அது இழப்புதான். ஆனால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளை இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து முதலில் கணவருக்குப் போகும். கணவரும் இல்லையென்றால் கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அதற்குப் பிறகுதான். அப்பா அம்மாவிடமிருந்து வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளிடம் திரும்பும். நான் கடன் வாங்கிக் கட்டிய வீடு இப்படி எங்கேயோ போய்விடும் என்று தெரிந்த அன்று இருவரும் உயில் எழுதினோம். இரண்டு சாட்சிகள் நம் முன்னால் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, நாங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டோம்.

ஏழு குறிப்புகளுக்கும் 2025-இல் ஒரு கெடு வந்தது. தத்தெடுப்பதற்கான விதிகளில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பதிவு செய்யும் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. எனக்கு 41. அவருக்கு 44. கூட்டினால் சரியாக 85. அடுத்த பிறந்தநாளோடு அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அதற்கு மேல் மூத்த குழந்தைகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும். 24 குறிப்புகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, என் ஏழு குறிப்புகளையும் அவருடைய மூன்றையும் மட்டும் முன்னால் வைத்து இரண்டு இரவு பேசினோம். முதல் இரவு, பதிவு செய்துவிடலாம் என்றுதான் முடிந்தது. விண்ணப்பப் பக்கத்தைக் கணினியில் திறந்தும் வைத்தேன். இரண்டாம் இரவு அவர், "ஒரு குழந்தை வருகிறது. அதை வளர்க்கும் ஒவ்வொரு நாளையும் நினைத்துப் பார். தாலாட்டையும் கையெழுத்தையும் விட்டுவிடு. செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்" என்றார். நான் நினைத்துப் பார்த்தேன். காலை ஐந்தரை மணி, பால், பள்ளிச் சீருடை, காய்ச்சல், வீட்டுப்பாடம். எனக்குள் எதுவும் அசையவில்லை. எனக்கு வேண்டியிருந்தது தாலாட்டின் மூன்றாவது வரி. ஒரு குழந்தையை அதற்காக வீட்டுக்கு அழைத்துவருவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

பக்கத்தை மூடிவிட்டோம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. குறிப்பேட்டில் எட்டாவது ஒன்று சேர்ந்தது.

பெரியம்மா தை மாதத்தில் தானாகவே தொலைபேசியில் அழைத்திருந்தார். "சாப்பிட்டாயா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். அடுத்து அவர் எப்போதும் கேட்கும் கேள்விக்கான இடம் வந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக அந்த இடத்தில் வேறு எதுவும் பேசியதில்லை. இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அவர் வீட்டுக் கடிகாரம் அடிப்பது கூடக் கேட்டது. பிறகு அவர், "இந்த முழங்கால் வலிக்கு உங்கள் ஊரில் நல்ல மருத்துவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம். முடிக்கும் முன் தாலாட்டின் மூன்றாவது வரி என்னவென்று கேட்டேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முழுவதையும் பாடினார்.